கொய்த்துக்கு லீவு கேட்பது: ஆசானிடம் எப்படிச் சொல்வது?

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 3, இரவு 9.40

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பழகுகிறேன். சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஐடிஐ இல்லை, ஒப்பந்தக் காகிதமும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தவர் என்று சேர்த்துவிட்டார்கள். நாளுக்கு 350 ரூபாய். ஆசான் நல்ல வேலைக்காரர், ஆனால் பேச்சு குறைவு.

வீட்டில் மூன்று ஏக்கர் நெல். அப்பாவுக்கு முதுகு போய்விட்டது, மூட்டை தூக்கக் கூடாது. அண்ணன் திருப்பூரில் இருக்கிறான். ஆக, நெல் அறுக்கிற கொய்த்து என்றால் அம்மாவும் நானும்தான்.

போன கன்னி மாதக் கொய்த்துக்கு ஆசானிடம் "ரெண்டு நாள் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆறு நாள் ஆகிவிட்டது. மெஷின் வரவில்லை, அப்புறம் மழை, அப்புறம் நெல் காயவில்லை. ஏழாம் நாள் போனபோது அவர் திட்டவில்லை. ஆனால் ஒரு மாதம் எனக்கு லேத் தரவில்லை. பவர் ஹாக்சாவில் கம்பி அறுப்பதும், இரும்புத்தூள் கூட்டுவதும்தான் வேலை. இப்போதுதான் மறுபடி லேத்தில் இரும்பைப் பிடிக்கிற சக்கைத் தொட விடுகிறார்.

இந்த மாதக் கடைசியில் ரெண்டாம் பயிர் கொய்த்து. எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. தெரியாததை அவரிடம் எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

---

பழைய லேத்து
பிப்ரவரி 3, இரவு 10.15

காய்ச்சல் கதை வேண்டாம் தம்பி. கொழிஞ்சாம்பாறைக்கும் நல்லேப்பிள்ளிக்கும் எவ்வளவு தூரம்? உன் வயலில் மெஷின் ஓடினால் அன்று சாயங்காலமே டீக்கடையில் அவர் காதுக்கு வந்துவிடும்.

எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். போன தடவை நீ போன அன்று உன் கையில் என்ன வேலை இருந்தது? அவரிடம் எந்த நேரத்தில், எங்கே நின்று சொன்னாய்? இதற்குப் பதில் சொல், மற்றதைப் பிறகு பேசலாம்.

---

செக்ஷன் பார்ட்டி
பிப்ரவரி 3, இரவு 10.31

கேட்கவே வேண்டியதில்லை. அப்ரண்டிஸ் என்றால் வருடத்துக்கு 12 நாள் கேஷுவல் லீவு சட்டப்படி உண்டு. மெடிக்கல் 15 நாள் தனி. எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு மாதம் லேத் தராமல் வைத்தது தண்டனை மாதிரி, அதற்கே புகார் கொடுக்கலாம்.

---

ஏலக்காட்டு மணி
பிப்ரவரி 4, காலை 6.05

நாங்கள் வண்டன்மேட்டுப் பக்கம், ஏலக்காய். எங்களுக்கு ஒரு தடவை எடுத்தால் முடிந்தது என்பது கிடையாது. 40, 45 நாளுக்கு ஒரு சுற்று காய் எடுக்க வேண்டும். என் தம்பி கட்டப்பனையில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம், கடைசியில் அவனே வேலையை விட்டுவிட்டான். இப்போது எங்களோடு காட்டில்தான் இருக்கிறான், சந்தோஷமாக இல்லை. அதனால் சொல்கிறேன், வீட்டில் தைரியமாக வரமுடியாது என்று சொல்லிவிடு. ஆளைப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 4, காலை 7.10

மணி அண்ணா, வீட்டுக்கு வரமுடியாது என்று சொல்ல வழி கேட்கவில்லை. போகத்தான் போகிறேன். ஆசானிடம் சொல்வதுதான் பிரச்சினை. ஆனால் உங்கள் தம்பி கதை மனதில் நிற்கிறது.

பழைய லேத்து அண்ணா, கையில் இருந்த வேலை ஒரு ரொட்டவேட்டர் ஷாஃப்ட். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, மேலே வெல்டிங் வைத்து நிரப்பியிருந்தது. 6206 பேரிங், அதாவது 30 எம்எம் உட்காரவேண்டும். நான் ரஃப் பண்ணி அரை எம்எம் மிச்சம் விட்டு நிறுத்தியிருந்தேன். ஃபோர் ஜா சக்கில் டயல் வைத்து அரை மணி நேரம் சென்டர் பார்த்தது, அதனால் கழற்றவில்லை, அப்படியே விட்டுப் போனேன். ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். அளவு பார்க்க வைத்திருந்த கஸ்டமரின் புதுப் பேரிங் என் சாப்பாட்டுப் பையில் வந்துவிட்டது. மூன்றாம் நாள் டிபன் பாக்ஸைக் கழுவ அம்மா எடுத்தபோதுதான் பார்த்தோம்.

சொன்ன நேரம்: சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அவர் ஒரு புல்லிக்கு உள்துளை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "ஆசானே, நாளைக்கும் நாளன்னைக்கும் கொய்த்து, வரமாட்டேன்" என்றேன். தலையை ஆட்டினார்.

---

பழைய லேத்து
பிப்ரவரி 4, இரவு 8.50

அவர் தலையை ஆட்டியது உனக்கு இல்லை, டயலுக்கு. உள்துளையில் கடைசி வெட்டு போகும்போது எனக்குப் பக்கத்தில் வீடு எரிகிறது என்று சொன்னாலும் ஆட்டியிருப்பேன். முப்பத்திரண்டு வருடம் லேத்தில் நின்றவன் சொல்கிறேன். மெஷின் ஓடும்போது சொன்னது சொன்ன கணக்கில் வராது. அவர் கை கழுவுகிற நேரம் இருக்கிறது பார், மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்துவிட்டு சோப்பு தேடுவார், அதுதான் பேச்சுக்கான நேரம். லேத் நின்றிருக்கும், கையில் அளவுகோல் இருக்காது.

இனி அந்த ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். நீ இரண்டு நாள் வரவில்லை என்பதால் அவருக்கு என்ன போயிற்று என்று நினைக்கிறாய்? உன் கூலி மிச்சம், அவ்வளவுதானே என்று தோன்றும். நான் பட்டறைக்காரன், எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

அது கொய்த்துக் காலம். உன் வீட்டில் மட்டும் கொய்த்து இல்லை, தாலுகா முழுக்கக் கொய்த்து. சாயங்காலம் ஆறு மணிக்கு எவனாவது கொய்த்து மெஷின் ஷாஃப்டையோ, கீவே தேய்ந்த புல்லியையோ தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். மெஷின் வயலில் நிற்கிறது, மணிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் போய்க்கொண்டிருக்கிறது, காலைக்குள் வேண்டும் என்பான். பட்டறையில் அந்த நீளத்துக்கு ஏற்ற லேத் ஒன்றுதான் இருந்தால், அதன் சக்கில் உன் ரொட்டவேட்டர் ஷாஃப்ட் கிடக்கிறது. அதைக் கழற்றினால் நீ அரை மணி நேரம் பார்த்த சென்டர் போச்சு. கழற்றாவிட்டால் கொய்த்து மெஷின்காரன் பொள்ளாச்சிக்குப் போய்விடுவான்.

சரி, ஆசானே உன் ஷாஃப்டை முடித்துவிட்டு இறக்கலாம் என்று பார்த்திருப்பார். நீ எவ்வளவு விட்டிருக்கிறாய்? மைக்ரோமீட்டர் வைத்தால் தெரியும். ஆனால் வெல்டிங் வைத்தது ஒரு பக்கமா இரண்டு பக்கமா, அந்தப் பக்கம் அளவு சரியா, சர்க்ளிப் பள்ளம் எங்கே வரவேண்டும், இதெல்லாம் உன் தலையில் இருந்தது. போட்டுப் பார்க்கலாம் என்றால் பேரிங் உன் டிபன் பாக்ஸோடு இருக்கிறது. கஸ்டமரிடம் போய் "உங்க பேரிங்கைக் காணோம்" என்று சொல்லவேண்டியிருந்தது யாருக்கு?

அந்த ஒரு மாதம் லேத் தராததற்குக் காரணம் ஆறு நாள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பாதி வேலையோடு சக்கை அடைத்து வைத்துவிட்டுப் போகிறவன் கையில் லேத்தைக் கொடுக்கப் பயம். நானாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு மாதம் கொஞ்சம் அதிகம், அது வேறு.

---

பட்டஞ்சேரி அக்கா
பிப்ரவரி 5, காலை 5.30

பட்டறைக் கதை எனக்குத் தெரியாது. வயல் கதை தெரியும். இருபது வருடமாக நான்தான் எங்கள் வீட்டில் நெல் பார்க்கிறேன்.

தம்பி, மூன்று ஏக்கர் கொய்ய எத்தனை நேரம் ஆச்சு என்று யோசித்துப் பார். மெஷின் நேராக ஓடினால் ஏக்கருக்கு ஒரு மணி நேரம். சாய்ந்திருந்தால் கூடும், சேற்றில் சங்கிலி மெஷின் இழுத்துக்கொண்டு போனால் இன்னும் கூடும். எப்படிப் பார்த்தாலும் மூன்றரை, நாலு மணி நேரத்தில் கொய்த்து முடிந்திருக்கும். அப்படியானால் ஆறு நாள் எங்கே போனது? மெஷினுக்காக வரப்பில் உட்கார்ந்திருந்ததில் எத்தனை நாள், தார்ப்பாயில் நெல்லைப் புரட்டினதில் எத்தனை நாள், மில்லு லாரிக்காக மூட்டை மேல் படுத்திருந்ததில் எத்தனை நாள்? தனித்தனியாகச் சொல். மூன்றுக்கும் நீதான் வேண்டுமா என்று பார்க்கலாம்.

என்ன நெல் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்.

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 5, இரவு 9.20

அக்கா, உமாதான். அம்மாவிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் இரண்டு நாள் மெஷின் வரவில்லை. எங்கள் வயல்கள் சேர்ந்த பாடசேகரத்தில் மேல்பக்கத்திலிருந்து வரிசையாக வரும் என்றார்கள், எங்களுக்கு மேலே நாலு வயலில் ஒன்று சாய்ந்து கிடந்தது, அங்கேயே ஒரு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் கொய்தார்கள், நீங்கள் சொன்னபடி நாலு மணி நேரம். 118 மூட்டை வந்தது. அன்று ராத்திரியே மழை. நாலாவது, ஐந்தாவது நாள் கோயில் பக்கத்து சிமெண்ட் களத்தில் காயப்போட்டோம். ஆறாம் நாள் மில்லு ஆள் வந்து ஈரம் பார்த்து, லாரி ஏற்றியது.

எண்ணிப் பார்த்தால் நான் கட்டாயம் வேண்டியிருந்தது மூன்றாம் நாள், அப்புறம் மழை வந்த ராத்திரி. காயப்போட்டது அம்மாவும் பெரியம்மாவும்தான், நான் மூட்டையைக் கொட்டி அள்ளிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் நான் செய்த ஒரே வேலை, மெஷின் எங்கே இருக்கிறது என்று சைக்கிளில் போய்ப் பார்த்தது.

---

பட்டஞ்சேரி அக்கா
பிப்ரவரி 6, காலை 5.45

பார்த்தாயா? அந்த இரண்டு நாளும் நீ பட்டறையில் இருந்திருக்கலாம்.

இனி இந்தத் தடவைக்கு வா. கன்னிக் கொய்த்தும் கும்பத்துக் கொய்த்தும் ஒன்றில்லை. கன்னியில் வானம் எப்போது பொத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது, நெல்லும் ஈரமாக வரும். அரசுக்காக நெல் வாங்குகிற சப்ளைகோவுக்குப் போடுகிற நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், கூடினால் மில்லு ஆள் மூட்டைக்கு இத்தனை கிலோ கழிப்பேன் என்று பேச ஆரம்பிப்பான். அதனால்தான் இரண்டு நாள் புரட்டினீர்கள். இப்போது அடிக்கிற வெயிலில், பத்து நாள் முன்னாலேயே தண்ணியை நிறுத்திவிட்டால் கதிர் வயலிலேயே காய்ந்துவிடும். போன வருடம் எங்களுக்கு மெஷினிலிருந்து இறங்கினது நேராகச் சாக்குக்குப் போயிற்று. ஒரு கைப்பிடி எடுத்துக் கடித்துப் பார், பல்லில் நசுங்கினால் வெயில் வேண்டும், டக்கென்று உடைந்தால் கட்டிவிடலாம். மில்லு ஆளின் மீட்டரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லும்.

உமாவுக்கு இன்னொரு குணம் உண்டு. பழுத்த பிறகு மூன்று வாரம் வரைக்கும் முளைக்காமல் உறங்கும், சாய்வதும் குறைவு. மெஷின் மூன்று நாள் தாமதித்தால் தலையில் இடி விழுந்த மாதிரி ஓடவேண்டாம். ரொம்ப விட்டால் மணி உதிரும், அது மட்டும் பார்த்துக்கொள்.

இந்தத் தடவைக் கஷ்டம் மழை இல்லை, மெஷின். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்தால்தான் பல மெஷின் இந்தப் பக்கம் வரும். அது முடிவதற்குள் குட்டநாட்டுக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் உன்னால் தேதி சொல்ல முடியாது, வாஸ்தவம். ஆனால் மெஷின் உங்கள் பாடசேகரத்துக்குள் இறங்கினால் மேலே எத்தனை வயல் பாக்கி என்று தெரியும். உங்களுக்கு மேலே இரண்டு வயல் இருக்கும்போது ஆசானிடம் சொன்னால் ஒரு நாள் முன்கூட்டிச் சொன்ன மாதிரி.

---

அஞ்சு வருசம் அப்ரண்டிஸ்
பிப்ரவரி 6, காலை 10.20

செக்ஷன் பார்ட்டி சொன்னதைப் பற்றி. 12 நாள் கேஷுவல், 15 நாள் மெடிக்கல் என்பது பழைய விதிகளில் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 2014-இல் அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தியபோது, வேலை செய்கிற இடத்தில் என்ன லீவு வழக்கமோ அதுதான் அப்ரண்டிஸுக்கும் என்று மாற்றிவிட்டார்கள். அதைவிட முக்கியம், அந்தச் சட்டம் முறையாக ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தவனுக்கு. தம்பிக்குக் காகிதமே இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், நாலு பேரிலிருந்து 29 வரை விருப்பப்பட்டால் எடுக்கலாம். உன் பட்டறையில் எத்தனை பேர்?

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 6, மதியம் 1.15

ஆசான், நான், இன்னொரு பையன். வெல்டருக்கு வேலை இருந்தால் வருவார்.

---

செக்ஷன் பார்ட்டி
பிப்ரவரி 6, மதியம் 2.02

சரி, 2014 திருத்தம் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுப்பது நல்லது என்பதில் மாற்றமில்லை.

---

வெல்டர் சாமி
பிப்ரவரி 6, இரவு 9.05

எல்லோரும் பையனுக்கே புத்தி சொல்கிறீர்கள். 350 ரூபாய்க்கு ஒன்பது மாதமாக ஒருத்தனை வைத்திருக்கிறார், வராத நாளுக்குக் காசும் கிடையாது. வெளியாள் என்றால் 900 கேட்பான். காசு கொடுக்காத நாளில் அவன் எங்கே போனால் என்ன? ஒப்பந்தமும் வேண்டாம், லீவும் வேண்டாம், ஆனால் விசுவாசம் மட்டும் வேண்டும் என்றால் எப்படி? நானும் இப்படித்தான் பொள்ளாச்சியில் மூன்று வருடம் கூட்டிப் பெருக்கினேன்.

---

பழைய லேத்து
பிப்ரவரி 6, இரவு 9.48

சாமி, கூலி குறைவுதான். ஒன்பது மாதத்தில் டயல் வைத்து சென்டர் பார்க்கத் தெரிந்தவனுக்கு 350 குறைவு, அதை அவன் தனியாகப் பேசவேண்டும். கொய்த்துப் பேச்சோடு சேர்த்துப் பேசினால் இரண்டும் கெட்டுப்போகும். ஆனால் அந்தப் பேரிங் கஸ்டமருடையது. அதற்கும் கூலிக்கும் சம்பந்தமில்லை.

---

வெல்டர் சாமி
பிப்ரவரி 6, இரவு 9.55

பேரிங் விஷயம் தப்புதான். மற்றதில் நான் மாறவில்லை.

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 8, இரவு 8.30

இப்படிச் சொல்லலாமா என்று பாருங்கள், எழுதி வைத்திருக்கிறேன்:

"ஆசானே, போன தடவை நான் செய்தது பெரிய தப்பு, மன்னிக்கணும். வீட்டுல அப்பாவுக்கு முடியல, அண்ணனும் இல்ல, எல்லாம் என் தலையில. இந்த மாசக் கடைசியில கொய்த்து வரும். எத்தனை நாள்னு தெரியல. எப்படியாவது சீக்கிரம் முடிச்சுட்டு ஓடி வந்துடறேன். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

---

பட்டஞ்சேரி அக்கா
பிப்ரவரி 9, காலை 5.40

அப்பா முதுகு அவருக்குத் தெரியாதா? அவர்தானே உன்னைச் சேர்த்துக்கொண்டார். அதைச் சொன்னால் இரக்கம் கேட்கிற மாதிரி இருக்கிறது, அவர் பதில் சொல்ல எதுவும் இல்லை. "எத்தனை நாள்னு தெரியல" என்பதையும் எடுத்துவிடு. உனக்குத் தெரியும், ஒரு முழு நாள், லாரி வருகிற அன்று அரை நாள்.

---

பழைய லேத்து
பிப்ரவரி 9, காலை 8.05

அக்கா சொன்னதேதான். நான் ஆசானாக இருந்தால் இதைக் கேட்டபிறகு எனக்கு மூன்று விஷயம் தெரியாமலே இருக்கும். எந்த நாள், நீ இல்லாதபோது சக்கில் என்ன கிடக்கும், ராத்திரி அவசர வேலை வந்தால் நீ இருப்பாயா.

கடைசியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குச் சாதகமான விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த மாதத்தில் பனி இறங்குகிறது, ஈரத்தில் கதிர் வெட்டினால் மெஷின் அடைத்துக்கொள்ளும், அதனால் பனி காயும் வரை மெஷினை எடுக்கமாட்டார்கள். எங்கள் பக்கம் ஒன்பதரை, பத்து ஆகிவிடும். சாயங்காலம் இருட்டும் வரை ஓட்டுவார்கள். பகலில் உடைந்ததைச் சாயங்காலம் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள், மறுநாள் பத்து மணிக்குள் மாட்டவேண்டும். ஆக, கொய்த்து நாளில் பட்டறையின் அவசரம் ராத்திரியில், வயலின் அவசரம் பகலில். பகலில் வயலில் நின்றுவிட்டு ஏழு மணிக்குப் பட்டறைக்கு வருகிறேன் என்று நீயாகச் சொன்னால், கொய்த்துக் காலத்தில் எந்தப் பட்டறைக்காரனும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

உடம்பு தாங்குமா என்று பார்த்துக்கொள். அரைத் தூக்கத்தில் லேத்தில் கை வைக்காதே. அன்று ராத்திரி கூட மாட நின்றால் போதும், சக்கைச் சுற்ற அவர் இருக்கிறார். முழுக்கைச் சட்டையோடு வயலிலிருந்து நேராக வந்து மெஷின் பக்கத்தில் நிற்காதே.

போகிற அன்று சாயங்காலம் உன் லேத்தில் எதுவும் கிடக்கக் கூடாது. முடியாத வேலை இருந்தால் ஆசானிடம் கேட்டு இறக்கு. இறக்கமுடியாது என்றால் ஒரு அட்டையில் எழுதி ஷாஃப்டிலேயே கட்டு. என்ன அளவு வேண்டும், இப்போது என்ன அளவில் நிற்கிறது, எந்தப் பக்கம் பாக்கி. சாக்பீஸில் தரையில் எழுதாதே, அந்தப் பையன் கூட்டிவிடுவான். பேரிங்கை அதே அட்டையோடு கம்பியில் கோத்துத் தொங்கவிடு.

---

ஏலக்காட்டு மணி
பிப்ரவரி 9, மதியம் 12.30

ராத்திரி வேலைக்கு வருகிறேன் என்று ஒருமுறை சொன்னால் அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும், பார்த்துக்கொள். என் தம்பிக்கு அதுதான் நடந்தது. வீட்டிலும் பட்டறையிலும் இரண்டு பக்கமும் இழுத்தார்கள்.

---

பழைய லேத்து
பிப்ரவரி 9, இரவு 9.10

அதில் உண்மை இருக்கிறது, மணி. அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னாலும் சில பேர் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 14, இரவு 10.05

சொல்லிவிட்டேன்.

இன்று சனிக்கிழமை இல்லையா, கணக்கு முடித்துக் கூலி கொடுத்தார். எல்லாம் ஆஃப் பண்ணி, அவர் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவரே "என்னடா" என்றார்.

"ஆசானே, இந்த மாசக் கடைசியில எங்க வயல்ல கொய்த்து. மெஷின் வர்ற அன்னைக்கு ஒரு நாள் முழுசா வேணும். லாரி வர்ற அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் வேணும். தேதி இப்பத் தெரியல, எங்களுக்கு மேல ரெண்டு வயல் பாக்கி இருக்கறப்ப உங்ககிட்டச் சொல்லிடறேன். அதுவரைக்கும் எப்பவும் போல வர்றேன். கொய்த்து அன்னைக்கு ராத்திரி அவசர வேலை இருந்தா ஏழு மணிக்கு வர்றேன்" என்றேன்.

மனப்பாடம் பண்ணினது பாதி மறந்துபோச்சு, ஆனால் இதெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியில், "போன தடவை பேரிங் எங்கிட்ட வந்துடுச்சு, அதுக்கு நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லவே இல்ல" என்றேன். அது எழுதி வைத்ததில் இல்லை, தானாக வந்தது.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அந்தப் பேரிங்குக்கு நான் சித்தூர் போய் வேற வாங்கிக் கொடுத்தேன், தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கி மேஜை டிராயரில் போட்டார், அவ்வளவுதான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, இன்று காட்டினார்.

---

பட்டஞ்சேரி அக்கா
பிப்ரவரி 15, காலை 5.35

லீவு கொடுத்தாரா இல்லையா, அதைச் சொல்லு.

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 15, காலை 7.00

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை அக்கா. "எந்த மெஷின் வருது, சங்கிலியா டயரா" என்று கேட்டார். சங்கிலி என்றேன். "டிரைவர் நம்பர் இருந்தா வாங்கி வை" என்றார்.

---

பழைய லேத்து
பிப்ரவரி 15, காலை 7.40

அது சரி என்றுதான் அர்த்தம். அந்த மெஷின் வேலை பொள்ளாச்சிக்குப் போகாமல் இங்கே வரவேண்டும் என்று பார்க்கிறார்.

---

வெல்டர் சாமி
பிப்ரவரி 15, காலை 8.15

அந்த ராத்திரிக்குக் காசு உண்டா என்று கேட்டாயா?

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 15, காலை 8.30

கேட்கவில்லை அண்ணா.

---

வெல்டர் சாமி
பிப்ரவரி 15, காலை 8.32

அதானே.

---

நல்லேப்பிள்ளிப் பையன்
பிப்ரவரி 26, இரவு 9.15

மெஷின் இறங்கிவிட்டது. எங்களுக்கு மேலே இரண்டு வயல் பாக்கி. சாயங்காலம் ஆசானிடம் சொன்னேன். நாளை மறுநாள் எங்கள் வயலாக இருக்கும். இன்று ஒரு கைப்பிடி கடித்துப் பார்த்தேன், உடைகிறது. அம்மா இன்னும் ஒரு வெயில் காட்டலாம் என்கிறாள்.

லேத்தில் ஒரு பம்ப் ஷாஃப்ட் இருந்தது, மத்தியானமே முடித்து இறக்கிவிட்டேன். இன்னொன்று ஆரம்பிக்கவில்லை. ஆசான் அதைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "ஏழுன்னா ஏழு. சேத்துக் காலோட உள்ள வராதே, வெளிய குழாய் இருக்கு" என்றார்.